கல்யாண மேடையில ஜோக்கை மொழிபெயர்க்கப் போறீங்களா? நான் பண்ணின தப்பைப் பண்ணாதீங்க

என் காலேஜ் ஃப்ரெண்டுக்குத் திருச்சில கல்யாணம், ஐயர் வீட்டுக் கல்யாணம், மாப்பிள்ளை இங்கிலாந்துல லீட்ஸ்காரர். அங்கேருந்து ஒரு நாப்பது பேர் வந்திருந்தாங்க. அவங்க ஊர்ல கல்யாண விருந்துன்னா பேச்சு இருக்கணும், முதல்ல பொண்ணோட அப்பா, அப்புறம் மாப்பிள்ளை, கடைசியா பெஸ்ட் மேன், அதாவது மாப்பிள்ளையோட நெருங்கின ஃப்ரெண்டு. இந்தக் கடைசி ஆளோட வேலையே மாப்பிள்ளையைப் போட்டுக் கலாய்க்கிறதுதான். அதைத் தமிழ்ல சொல்றதுக்கு யாருன்னு பார்த்தா "நீதான் நல்லா இங்கிலீஷ் பேசுவியே"ன்னு மைக்கை என் கையில குடுத்துட்டாங்க.

முதல் ஜோக்குக்கு நம்ம பக்கம் ஒருத்தர்கூட சிரிக்கல. ரெண்டாவதுக்கு சிரிச்சாங்க, ஆனா நான் முடிக்கிறதுக்கு முன்னாடியே சிரிச்சிட்டு, நான் முடிக்கும்போது சும்மா பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு கல்யாணத்துல இந்த வேலையைப் பார்த்துட்டேன், அதனால எங்கே தப்பு நடக்குதுன்னு இப்போ ஓரளவுக்குப் புரியுது.

முதல் தப்பு, வாக்கியத்தை வாக்கியமாவே மொழிபெயர்க்கிறது. பெஸ்ட் மேன் சொன்னது இதுதான்: "எந்தப் பொண்ணுக்காகவும் காலைல ஒம்போது மணிக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணினவன், இன்னிக்கு நாலரை மணிக்கு அவனைப் பார்த்தா, சட்டை இல்லாம, கையில குடை." இங்கிலீஷ்ல அந்தக் குடை கரெக்டா கடைசி வார்த்தையா வந்து விழுந்துச்சு, அவங்க டேபிள்ல டமார்னு சிரிப்பு. நான் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்த மாதிரி ஒழுங்கா "நாலரை மணிக்குச் சட்டை இல்லாம குடையைப் பிடிச்சிக்கிட்டு நின்னதை நான் பார்த்தேன்"னு முடிச்சேன். சிரிக்க வேண்டிய சமாச்சாரம் நடுவுல போயிடுச்சு, கடைசியில மிஞ்சினது "பார்த்தேன்". பார்த்தேன்ல என்ன சிரிப்பு இருக்கு? நம்ம மொழில வினைச்சொல் கடைசியில வந்து உக்காரும், அதனால ஜோக்கோட வெடி எப்பவும் வினைக்கு முன்னாடியே வெடிச்சிடும், அதுக்கப்புறம் நீங்க வாக்கியத்தை முடிக்கிற அந்த ஒரு செகண்டுல சிரிப்பு செத்துப்போயிடும்.

இதுக்கு வழி நம்ம பேச்சுலயே இருக்கு. திண்ணையில கதை சொல்றவங்க எப்படிச் சொல்வாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, வினையை முதல்ல தனியா முடிச்சிடுவாங்க, அப்புறம் ஒரு கேள்வி போடுவாங்க, பதிலை வெறும் ஒரே சொல்லா விடுவாங்க. "வந்தாரு. சும்மா வரல. எதுல வந்தாரு தெரியுமா? மாட்டு வண்டி." அவ்ளோதான், மாட்டு வண்டிக்குப் பின்னாடி ஒரு எழுத்துகூட கிடையாது, "-ல வந்தாரு"ன்னு திரும்ப இழுக்கக்கூடாது.

ஆனா அந்தக் குடை ஜோக்கை இப்படி உடைச்சு சொல்லியிருந்தாலும் நம்ம பக்கம் ஓடியிருக்காது, அதுதான் ரெண்டாவது தப்பு, எனக்கு உறைக்கவே நாளாச்சு. அந்தக் குடை காசியாத்திரைக் குடை. மாப்பிள்ளை குடையும் தடியும் விசிறியுமா "நான் சன்னியாசம் போறேன்"னு கிளம்புவாரு, பொண்ணோட அப்பா வழிமறிச்சு "என் பொண்ணைக் கட்டிக்கோங்க"ன்னு கூட்டிட்டு வருவாரு. லீட்ஸ்காரங்களுக்கு அதுல விசித்திரம் சட்டை இல்லாததும் குடையும். நம்மாளுங்களுக்கு அது எல்லாக் கல்யாணத்துலயும் பார்க்கிறது, பஞ்சகச்சத்துல மாப்பிள்ளை நிக்கிறதுல என்ன இருக்கு? நம்ம பக்கத்துக்கு அதே விஷயத்துல சிரிப்பு வேற இடத்துல இருக்கு, ஒம்போது மணி வரைக்கும் தூங்குற ஆளை நாலரைக்கு எழுப்பினது யாருங்கிறதுல. இப்போ யோசிச்சா நான் இப்படிச் சொல்லியிருக்கணும்: "எந்தப் பொண்ணுக்காகவும் ஒம்போது மணிக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினவரு நம்ம மாப்பிள்ளை. இன்னிக்கு நாலரைக்கு எந்திரிச்சிட்டாரு. எழுப்பினது பொண்ணு இல்ல. பொண்ணோட தாத்தா." நிஜமாவே தாத்தாதான் போய்க் கதவைத் தட்டினாரு, அது முக்கியம், நடக்காததை நீங்களா சேர்த்துடக்கூடாது, சேர்க்கிற முன்னாடி பேசுறவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும். அவருக்கு வேண்டியது அந்த நேரத்துல ரெண்டு பக்கமும் சிரிக்கணும், ஒரே வார்த்தைக்குத்தான் சிரிக்கணும்னு அவர் கேக்க மாட்டாரு.

இன்னொண்ணு, "அவன்" பிரச்சினை. இங்கிலீஷ்ல மாப்பிள்ளைக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் ஒரே "ஹி"தான். பெஸ்ட் மேன் வாயில அது இருபது வருஷ சிநேகிதத்தோட "அவன்". ஆனா பொண்ணு வீட்டு ஃப்ரெண்டான நான் மேடையில ஏறி மாப்பிள்ளையை "அவன் குளிக்கவே மாட்டான்"னு சொன்னா முன் வரிசை மாமிங்க முகம் மாறிடும், யாரு சொன்னதுன்னு மறந்துட்டு என்னைத்தான் முறைப்பாங்க. சரின்னு "அவர் குளிக்க மாட்டார்"னு சொன்னா டாக்டர் ரிப்போர்ட் மாதிரி இருக்கு, கிண்டலே காணோம். நடுவழி என்னன்னா "நம்ம மாப்பிள்ளை"ன்னு பேர்ச்சொல்லையே திரும்பத் திரும்பப் போட்டு, முடிவுல "மாட்டாரு", "வந்தாரு"ன்னு பேச்சு வழக்கு மரியாதையில நிக்கிறது. அதுல மரியாதையும் இருக்கும், சீண்டலும் இருக்கும். நலங்கு வைக்கும்போது நம்ம வீடுகள்ல மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ற தொனி அதேதான். அதோட முதல்லயே ஒரு வரி சொல்லிடுங்க, "இவங்க ஊர் வழக்கத்துல சிநேகிதன் மாப்பிள்ளையை நாலு வார்த்தை வம்புக்கு இழுக்கணும், இழுக்கலன்னாதான் மரியாதைக் குறைவு"ன்னு. இதைச் சொல்லாம விட்டீங்கன்னா பழைய கேர்ள்ஃப்ரெண்ட் ஜோக்கு இல்லாமலேயே சண்டை வரும். பழைய கேர்ள்ஃப்ரெண்ட் ஜோக்கை, அதை மொழிபெயர்க்கவே வேணாம், முந்தின நாளே ஸ்கிரிப்டை வாங்கி அடிச்சிடுங்க.

ஸ்கிரிப்டை வாங்கும்போதே நேரத்தையும் பாருங்க, ஏழு நிமிஷப் பேச்சு ரெண்டு மொழில பதினஞ்சு நிமிஷம் ஆகும், நம்ம ரிசப்ஷன்ல கவர் குடுக்க க்யூவுல நிக்கிறவங்களும் பந்திக்குப் போறவங்களும் அவ்ளோ நேரம் நிக்க மாட்டாங்க. ஜோக்கு நாலு போதும்.

இப்போ யாருக்கு முதல்ல சொல்றதுங்கிற விஷயம், இதுல எல்லாரும் சறுக்குறாங்க. மண்டபத்துல மூணு கூட்டம் இருக்கும்: இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்க, தமிழ் மட்டும் தெரிஞ்சவங்க, ரெண்டும் தெரிஞ்ச நம்ம கசின் பட்டாளம். முழு ஜோக்கும் முதல்ல இங்கிலீஷ்ல போச்சுன்னா கசின் பட்டாளம் அங்கேயே சிரிச்சு முடிச்சிடும், அப்புறம் தமிழ்ல வரும்போது அவங்க செல்ஃபோனைப் பார்ப்பாங்க, பாட்டிங்க மட்டும் தனியா சிரிக்கணும். கூட சிரிக்க ஆள் இல்லன்னா யாரும் சத்தமா சிரிக்க மாட்டாங்க. நீங்களே கவனிங்க, பெரியவங்க முதல்ல பேரப்பிள்ளைங்க முகத்தைத் திரும்பிப் பார்த்துட்டு அப்புறம் சிரிச்சா அது உங்க ஜோக்குக்குச் சிரிச்சது இல்ல.

அதனால வெடியைத் தமிழ்ல முதல்ல வெடிங்க. முன்கதையை அவர் இங்கிலீஷ்ல சொல்லட்டும், நீங்க தமிழ்ல சொல்லுங்க, ரெண்டு பக்கமும் "அப்புறம்?"னு காத்துக்கிட்டு இருக்கும்போது முடிவை நீங்க தமிழ்ல போட்டுடுங்க, கசின் பட்டாளமும் பாட்டிங்களோட சேர்ந்து சிரிக்கும். லீட்ஸ்காரங்க "என்னது என்னது"ன்னு பரபரன்னு இருப்பாங்க, அப்போ பெஸ்ட் மேன் அவங்களுக்குச் சொல்லணும். இதுக்கு அவர் வெடிக்கு முன்னாடி வாயை மூடிக்கிட்டு நிக்கணும், நீங்க சிரிப்பு அடங்குற வரைக்கும் காத்திருந்து அவருக்குக் கண்ணைக் காட்டணும், ரெண்டு மைக் வேணும், ஒருதடவையாவது ஒத்திகை பார்க்கணும். எல்.இ.டி. ஸ்க்ரீன்ல மொழிபெயர்ப்பைப் போடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா முன்கதை ஒரு ஸ்லைடு, முடிவு தனி ஸ்லைடுன்னு ஆபரேட்டர்கிட்ட அடிச்சு சொல்லுங்க, ஒண்ணா போட்டா பேசுறவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள படிச்சு முடிச்சிடுவாங்க.

ஜோக்கே இல்லாத இடத்துல ஒரு பக்கம் ஆரவாரம் பண்றதும் நடக்கும். மாப்பிள்ளை எந்திரிச்சு "மை வைஃப் அண்ட் ஐ"ன்னு ஆரம்பிச்சாரு, அவ்ளோதான், அவங்க பக்கம் ஒரே கைத்தட்டு, விசில். "நானும் என் மனைவியும்"னு நான் தமிழ்ல சொன்னேன், நம்ம பக்கம் அமைதி, ஒரு மாமா மட்டும் "மேலே சொல்லும்மா"ன்னாரு. முதல்தடவை மனைவின்னு வாயால சொல்றதுக்கு அங்கே அப்படித் தட்டுறது வழக்கம். இதை மொழிபெயர்த்து ஒண்ணும் ஆகாது, அவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே "மாப்பிள்ளை 'என் மனைவி'ன்னு சொல்ற நிமிஷம் தட்டிடுங்க"ன்னு சொல்லி வெச்சா நம்மாளுங்க கூரையைப் பேர்த்துடுவாங்க.

தமிழ்லேருந்து இங்கிலீஷுக்குப் போறப்போ வேற மாதிரி மாட்டுவீங்க. பொண்ணோட அப்பா பேசும்போது "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்பாங்க. நேத்து நம்ம மாப்பிள்ளை பாட்டியோட மாவடு ஜாடியை உடைச்சாரு. அது வைரக்குடம்"னாரு. மண்டபமே அதிர்ந்துச்சு. நான் அந்தப் பழமொழியை இங்கிலீஷ்ல விளக்கி, மாவடுன்னா என்னன்னு சொல்லி, வைரத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள அவங்க பாவம் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாங்க. நமக்கு அந்தப் பழமொழி ஏற்கெனவே தெரியும், அதனால அதை அரைகுறையா ஞாபகப்படுத்தினாலே போதும். அவங்களுக்கு முழுசா விதைக்கணும், ஆனா ஜோக்கு சொல்ற இடத்துல விதைக்கக்கூடாது, பத்து நிமிஷம் முன்னாடி வரவேற்புப் பேச்சுலயே "எங்க ஊர்ல இப்படி ஒரு பழமொழி உண்டு"ன்னு விளையாட்டா சொல்லி வெச்சிருக்கணும். ஜாடி வரும்போது அவங்களே குடத்தை ஞாபகம் வெச்சிக்கிட்டு முந்திக்குவாங்க. மாவடுன்னு பேரும் வேணாம், பாட்டியோட ஊறுகாய் ஜாடின்னா போதும், மூணு நாளா இலையில அதை வெச்சு சாப்பிட்டவங்கதானே.

தயார் பண்ணின தமிழ் வரிகளை இங்கிலீஷ் தெரியாத ஒரு அத்தைகிட்டயோ பாட்டிகிட்டயோ படிச்சுக் காட்டுங்க, ஜோக்குன்னு சொல்லாதீங்க. முடிச்சதும் "சரி, அப்புறம்?"னு கேட்டாங்கன்னா வெடி நமுத்துப்போச்சுன்னு அர்த்தம், திரும்ப எழுதுங்க.

அப்படியும் மேடையில ஒண்ணு விழுந்துச்சுன்னா விளக்கம் குடுக்காம அடுத்ததுக்குப் போயிடுங்க. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு கதை சொல்லியிருக்காரு, ஜப்பான்ல அவர் ஒரு ஜோக்கு சொன்னதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுதாம், எப்படி மொழிபெயர்த்தீங்கன்னு கேட்டா அந்த ஆளு, "கார்ட்டர் ஒரு ஜோக்கு சொன்னாரு, எல்லாரும் சிரிங்க"ன்னு சொன்னேன்னாராம். நானும் அன்னிக்கு நாலாவது ஜோக்குக்கு அதையேதான் பண்ணினேன். சத்தியமா சொல்றேன், அன்னிக்கு நான் மொழிபெயர்த்ததுல நம்ம பக்கம் பெருசா சிரிச்சது அதுக்கு மட்டும்தான்.