ஆறு ஊர், பத்து சாலை, ஐந்து விடை: குறுகிய வழி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுகிய வழிக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் எப்போதும் ஒரே படத்தைத்தான் கொடுப்பேன். ஆறு ஊர்கள், பத்து சாலைகள். க-விலிருந்து ம-வுக்குக் குறைந்த தூரத்தில் போக வேண்டும். சரியான விடை 22 கிலோமீட்டர். ஆனால் வரும் தாள்களில் 21, 23, 24, 25 எல்லாம் இருக்கும். எண்ணைப் பார்த்தே எங்கே வழுக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்காகவே சாலைகளின் தூரத்தை இப்படி வைத்திருக்கிறேன்.

```
க–ச  9     ச–ப  11
க–ட  4     ட–ப  12
ச–ட  3     த–ப   2
ச–த  8     த–ம  12
ட–த  9     ப–ம   7
```

காகிதத்தில் வரையுங்கள். இடது ஓரத்தில் க, வலது ஓரத்தில் ம. நடுவில் மேலே ச, த என்று இரண்டு ஊர்கள். அவற்றுக்கு நேர் கீழே ட, ப. ஊர் ஒவ்வொன்றும் ஒரு கணு, சாலை ஒவ்வொன்றும் ஒரு விளிம்பு, அதன்மேல் எழுதிய தூரம் அந்த விளிம்பின் எடை. எல்லாச் சாலையும் இருவழி.

வரைந்து முடித்ததும் ஒன்று கண்ணில் படும். ட-விலிருந்து த-வுக்கு ஏறும் கோடும், ச-விலிருந்து ப-வுக்கு இறங்கும் கோடும் நடுவில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. 21 என்ற விடை இங்கிருந்துதான் பிறக்கிறது. வெட்டும் இடத்தைச் சந்திப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். ட-விலிருந்து பாதி தூரம் 4.5, அங்கே திரும்பி ப-வுக்குப் பாதி தூரம் 5.5, ஆக 10. க–ட 4, ப–ம 7 இரண்டையும் சேர்த்தால் 21. உண்மையான விடையைவிடக் குறைவாக வருவதால் ‘அட, கண்டுபிடித்துவிட்டோம்’ என்ற மகிழ்ச்சி வேறு!

அந்த இடத்தில் வட்டம் போட்டுப் பெயர் எழுதவில்லை, ஆகவே அங்கே கணு இல்லை. ஒரு சாலை மேம்பாலத்தில் போகிறது, இன்னொன்று அதன் அடியில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப முடியாது. கோட்டின் நீளமும் இதே மாதிரிதான் ஏமாற்றும். த–ப கோட்டை எவ்வளவு நீளமாக வரைந்தாலும் அதன் எடை 2தான். சந்தேகமாக இருந்தால் படத்தை மூடி வைத்துவிட்டு மேலே உள்ள பட்டியலை மட்டும் பாருங்கள். கணக்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

23க்கு அதிக விளக்கம் தேவையில்லை. க–ட–ப–ம என்று மூன்றே சாலையில் போய்ச் சேர்ந்தவர்களின் விடை அது. மூன்று சாலையில் போகும் வழிகளில் அதுதான் சிறந்தது, உண்மை. ஆனால் கேள்வி சாலைகளின் எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. க–ட–த–ப–ம என்று நான்கு சாலை எடுத்தால் 4 + 9 + 2 + 7 = 22.

அடுத்தது 24. இதில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. முதல் வகை, ஒவ்வோர் ஊரிலும் நின்று ‘இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் புது ஊர் எது?’ என்று கேட்டு நடப்பவர்கள். க-விலிருந்து ட (4), அங்கிருந்து ச (3), அப்புறம் த (8), ப (2), ம (7). கூட்டினால் 24. ஒவ்வோர் அடியும் புத்திசாலித்தனமாகத்தான் தெரிகிறது. ஆனால் ட-வில் நிற்கும்போது 3 கிலோமீட்டர் சாலை மலிவு என்று ச-வுக்குத் திரும்பியதால், த-வுக்கு நேராக 9இல் போகாமல் 3 + 8 என்று 11 செலவாகிறது. மலிவாக ஏறிய சாலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த முறை பார்ப்பதே இல்லை.

இரண்டாம் வகை, குறுகிய வழி காண்பதற்கான டைக்ஸ்ட்ரா முறையைத்தான் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டு, அடுத்த ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசிச் சாலையின் எடையை மட்டும் ஒப்பிடுபவர்கள். ஒப்பிட வேண்டியது தொடக்கத்திலிருந்து அதுவரையான மொத்தத் தூரம். கடைசிச் சாலையை மட்டும் ஒப்பிட்டால் அது வேறு கணக்காகிவிடும்: எல்லா ஊர்களையும் மிகக் குறைந்த மொத்தச் சாலை நீளத்தில் இணைப்பது எப்படி என்ற கணக்கு. மின்கம்பி இழுப்பவருக்கு அது பயன்படும். க-விலிருந்து ம-வுக்கு அவசரமாகப் போகிறவருக்கு அல்ல. இந்தப் படத்தில் அந்த இணைப்பு க–ட–ச–த–ப–ம என்ற ஒற்றைச் சங்கிலியாக அமைகிறது, அதன் நீளமும் 24.

சரி, முறையாக எப்படிச் செய்வது? எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, காகிதமோ பென்சிலோ இல்லாமல் சுமார் 20 நிமிடத்தில் யோசித்த முறை இது; 1959இல் வெளியிட்டார். ஒவ்வோர் ஊருக்கும் ‘இதுவரை தெரிந்த குறைந்த தூரம்’ என்று ஓர் எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொள்கிறோம். இன்னும் முடிவாகாத ஊர்களில் யாருடைய எண் மிகச் சிறியதோ, அவரை மட்டும் பேனாவால் எழுதி முடிவாக்குகிறோம். பிறகு அங்கிருந்து கிளம்பும் சாலைகளைப் பார்த்து, பக்கத்து ஊர்களின் பென்சில் எண்ணைக் குறைக்க முடிந்தால் குறைக்கிறோம்.

க-வில் தொடங்குகிறோம்: ச 9, ட 4. சிறியது ட, ஆகவே ட = 4 முடிவு. ட-விலிருந்து பார்த்தால் ச 7 ஆகக் குறைகிறது, த 13, ப 16. அடுத்துச் சிறியது ச = 7. அங்கிருந்து த-வுக்கு 15, ப-வுக்கு 18. இரண்டுமே கையில் இருப்பதைவிடப் பெரியவை, விட்டுவிடுகிறோம். அடுத்து த = 13. ப-வின் எண் 16இலிருந்து 15 ஆகிறது, ம-வுக்கு முதல்முறையாக 25 கிடைக்கிறது. அடுத்து ப = 15; ம 22 ஆகிறது. கடைசியில் ம = 22 முடிவு.

இதில் ச-வின் எண் மாறியது, ப-வின் எண் மாறியது, ம-வின் எண்ணும் மாறியது. பென்சிலுக்கும் பேனாவுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தால் வருவதுதான் 25. முதலில் கிடைத்த எண்ணையே பேனாவால் எழுதிவிட்டால் ச 9இல் உறைந்துவிடும், ப 16இல் உறைந்துவிடும், ம 25இல் நின்றுவிடும். கணினி நிரல் எழுதுபவர்கள் அதிகமாக விழும் குழி இதுதான். வரிசையில் போடும்போதே ‘பார்த்தாகிவிட்டது’ என்று குறித்துவிடுகிறார்கள். குறிக்க வேண்டியது வெளியே எடுக்கும்போது:

```python
while q:
    d, u = heappop(q)
    if u in done:
        continue
    done.add(u)
    for v, w in g[u]:
        if d + w < dist[v]:
            dist[v] = d + w
            prev[v] = u
            heappush(q, (d + w, v))
```

`if u in done` சோதனையும் `done.add(u)`வும் சேர்ந்தே உள்ளே இருக்கும் `for`க்குள் நழுவிப் போய், `u`வுக்குப் பதிலாக `v`யைச் சோதித்துக் குறிக்க ஆரம்பித்தால் 25 வந்துவிடும். இதே 25 இன்னொரு காரணத்தாலும் வரும்: ம-வுக்கு ஓர் எண் கிடைத்தவுடனே ‘வந்து சேர்ந்தோம்’ என்று நிறுத்திவிடுவது. எந்தக் காரணம் என்று அறிய ச-வின் எண்ணைப் பாருங்கள். 9 என்றால் முதல் தவறு, 7 என்றால் அவசரப்பட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ம என்ற ஊர் வரிசையிலிருந்து வெளியே வரும்போதுதான் நிறுத்தலாம்.

பேனாவால் எழுதியதை அழிக்கவே வேண்டியதில்லை என்ற துணிச்சல் எங்கிருந்து வருகிறது? எந்தச் சாலையின் எடையும் பூஜ்யத்துக்குக் கீழே இல்லை என்பதிலிருந்து. மீதமுள்ள ஊர்கள் எல்லாம் இன்னும் தள்ளி இருக்கும்போது, அவை வழியாகச் சுற்றி வந்தால் தூரம் குறையாது. எடை என்பது தூரமாக இருக்கும்வரை கவலை இல்லை. மின்காரின் மின்செலவை எடையாக வைத்தால், இறக்கத்தில் மின்கலம் திரும்பச் சார்ஜ் ஆகும். அந்தச் சாலைக்கு எதிர்ம எடை வந்துவிடும். அப்போது பேனாவை நம்ப முடியாது.

உடனே தோன்றும் குறுக்குவழி: எல்லா எடையோடும் ஒரே எண்ணைக் கூட்டி எதிர்மத்தை ஒழித்துவிடலாமே? நம் படத்தில் செய்து பாருங்கள். ஒவ்வொரு சாலைக்கும் 5 கூட்டினால், நான்கு சாலை கொண்ட 22 வழி 42 ஆகிறது. மூன்று சாலை கொண்ட 23 வழி 38 ஆகிறது. தோற்ற வழி ஜெயித்துவிட்டது! கூட்டிய எண் வழிக்கு ஒருமுறை அல்ல, சாலைக்கு ஒருமுறை சேர்கிறது, ஆகவே சாலை அதிகமுள்ள வழி தண்டனை அனுபவிக்கிறது. எதிர்ம எடை உள்ள இடத்தில் பெல்மன்-ஃபோர்டு முறைக்குப் போவதுதான் வழி. அதோடு, அப்படிப்பட்ட சாலையை இருவழியாக ஒரே எடையில் வைக்கவும் கூடாது. போய்ப் போய் வந்தாலே செலவு குறைந்துகொண்டே போகும், ‘மிகக் குறைந்தது’ என்று ஒன்று இருக்காது. ஏற்றத்துக்கு ஓர் எடை, இறக்கத்துக்கு வேறு எடை என்று இரண்டு அம்புக்குறிகளாகப் பிரிக்க வேண்டும்.

இனி, எனக்கு அதிகம் பிடித்த தவறு. விடை 22 என்றே வரும், ஆனால் உள்ளே பிழை இருக்கும். ச–ட சாலையைத் தரவில் ச-வின் பட்டியலில் மட்டும் எழுதிவிட்டு, ட-வின் பட்டியலில் எழுத மறந்துவிட்டார் ஒருவர் என்று வையுங்கள். இருவழிச் சாலை ஒருவழி ஆகிவிட்டது. ம-வுக்குப் போகும் வழி அந்தச் சாலையைத் தொடுவதில்லை, ஆகவே 22 வந்துவிடும். ச-வின் தூரம் மட்டும் 7க்குப் பதிலாக 9 என்றிருக்கும். யாரும் கேட்கவில்லை என்றால் யாருக்கும் தெரியாது.

இதைப் பிடிக்க மறுபடியும் கணக்கைப் போட வேண்டாம். எல்லா ஊர்களின் இறுதி எண்களையும் எழுதிக்கொண்டு இரண்டே கேள்வி கேட்டால் போதும். ஒன்று: சாலையின் இரு முனை ஊர்களின் எண்களுக்குள்ள வித்தியாசம் அந்தச் சாலையின் எடையைத் தாண்டுகிறதா? ச 9, ட 4, வித்தியாசம் 5, சாலையோ 3. அகப்பட்டுக்கொண்டது. 24 சொன்னவரின் தாளில் த 15, ட 4, வித்தியாசம் 11, சாலை 9. 23 வழியில் ப 16, ஆனால் த 13இல் இருக்கிறது, நடுவில் 2தான்.

21 மட்டும் இந்தக் கேள்வியில் தப்பிவிடும். அதற்குத்தான் இரண்டாவது: தொடக்க ஊரைத் தவிர ஒவ்வோர் ஊரின் எண்ணும், ஏதாவது ஒரு பக்கத்து ஊரின் எண்ணோடு சாலையின் எடையைக் கூட்டினால் அப்படியே வருகிறதா? மேம்பாலத்தில் திரும்பியவர் ப-வுக்கு 14 என்று எழுதியிருப்பார். ட வழியாக 4 + 12 = 16, ச வழியாக 7 + 11 = 18, த வழியாக 13 + 2 = 15, ம வழியாக 21 + 7 = 28. எந்தச் சாலையாலும் 14 வராது.