‘இன்று நோன்பு இல்லையா?’: ரமலானில் கேட்கக் கூடாத கேள்வியும் கேட்கக் கூடியவையும்

சில ஆண்டுகளுக்கு முன், ரமலான் மாதம் பாதி கடந்திருந்த ஒரு நாளில், உடன் பணிபுரிந்த தோழி அலுவலகத்தில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, “இன்னைக்கு நோன்பு இல்லையாங்க?” என்று நான் கேட்டேன். மேசையைச் சுற்றி ஆண்களும் பெண்களுமாக ஆறு பேர் இருந்தோம். அவர் ஒரு நொடி தயங்கி, “உடம்பு சரியில்லை” என்றார். உடனே இன்னொருவர் அக்கறையாக, “என்ன செய்யுது? காய்ச்சலா?” என்று தொடர, அவர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றாலும் அது தவறான கேள்விதான். நோயாளிகளும் பயணத்தில் இருப்பவர்களும் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆனே சலுகை தருகிறது. மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. விடுபட்ட நாட்களைக் கணக்கு வைத்து, அடுத்த ரமலானுக்குள் ‘களா’ நோன்பாக நிறைவேற்றுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சலுகை உண்டு. ஆகவே, ‘ஏன் நோன்பு இல்லை?’ என்ற கேள்விக்கு உண்மையான பதில் மாதவிடாயாகவோ, இன்னும் வீட்டில்கூடச் சொல்லாத கர்ப்பமாகவோ, நீரிழிவு மாத்திரையாகவோ இருக்கலாம். அல்லது அவர் நோன்பு வைக்கும் வழக்கமே இல்லாதவராக இருக்கலாம். அதைப் பொது இடத்தில் ஒப்புக்கொள்ள வைப்பதும் நம் வேலையில்லை. கேட்பவருக்குப் பேச்சுத் துணையாகத் தோன்றும் இந்தக் கேள்வி, பதில் சொல்பவரிடம் அந்தரங்கத்தைச் சொல் அல்லது பொய் சொல் என்ற இரண்டு வழிகளை மட்டுமே விட்டுவைக்கிறது. ஒருவர் சாப்பிடுவதைக் கண்டால், கண்டதாகவே காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் சரி. தெரியாமல் கேட்டுவிட்டால், நீளமாக மன்னிப்புக் கேட்டு எல்லோர் கவனத்தையும் இன்னும் ஈர்க்காமல், உடனே வேறு பேச்சுக்கு மாறிவிட வேண்டும்.

“தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களா? பாவம்!” என்பது இன்னொன்று. விடியலுக்கு முன் சஹர் உணவை முடித்துக்கொண்டு, சூரியன் மறையும்வரை நம் ஊரில் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் எதுவும் உண்ணாமல், பருகாமல் இருப்பவர் இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஆண்டும் எதிர்கொள்பவர்தான். அவர் விரும்பி மேற்கொண்ட வழிபாட்டை நாம் தண்டனையாக்கிப் பரிதாபப்படுவதுதான் அதில் உறுத்துகிறது. (‘ரம்ஜான் பிரியாணி எப்போ?’ என்று முதல் நோன்பிலிருந்தே கேட்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.)

உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பினால், கேள்வியை அவருடைய உடலிலிருந்தும் மார்க்கத்தின் சட்டங்களிலிருந்தும் நகர்த்தி, அவர் வீட்டுப் பக்கம் கொண்டுபோகலாம். ‘உங்க மார்க்கத்துல ஏன் இப்படி?’ என்று கேட்டால், கணக்காளராக வேலை பார்ப்பவர் திடீரென்று மார்க்கம் கற்ற ஆலிமாக மாறி விளக்கம் தர வேண்டியிருக்கிறது. ‘உங்க வீட்டுல சஹருக்கு என்ன சமைப்பீங்க? யார் முதல்ல எழுந்திருப்பாங்க?’ என்று கேட்டால் அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்கிறார். நோன்புக் கஞ்சியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு என்று பொதுவாகத் தொடங்கும் பேச்சு, தேங்காய்ப்பால் சேர்ப்பதா, கொத்துக்கறி போடுவதா என்பதில் ஊருக்கு ஊர் பிரிந்து, எங்கள் பள்ளிவாசல் கஞ்சிக்கு ஈடில்லை என்ற பெருமையில் போய் முடியும். கேட்கும் நேரமும் முக்கியம். பிற்பகல் மூன்று மணிக்கு நா வறண்டிருப்பவரிடம் சமையல் குறிப்புக் கேட்பதைவிட, நோன்பு திறந்த பின்னர் கேட்பது நல்லது.

விருந்துக்கு அழைக்கும்போது நேரும் தவறு வேறு வகையானது. கோழியைச் சமைத்துப் பரிமாறிய பிறகு, “இது ஹலால்தானான்னு பார்ப்பீங்களா?” என்று கேட்டால், இலைக்கு முன் அமர்ந்திருப்பவர் மறுக்கவும் முடியாமல் உண்ணவும் முடியாமல் தவிப்பார். அந்தக் கேள்விக்குரிய இடம் இறைச்சி வாங்குவதற்கு முன்பே இருக்கிறது: “எந்தக் கடையில வாங்கினா உங்களுக்குச் சரியா இருக்கும்? இல்லை, அன்னைக்குச் சைவமாவே செஞ்சிடவா?” கடையைச் சொல்பவரும் உண்டு, சைவமே போதும் என்பவரும் உண்டு, எதுவானாலும் பரவாயில்லை என்பவரும் உண்டு. எந்தப் பதில் வந்தாலும், “இதுவும் கோழி, அதுவும் கோழிதானே?” என்று வாதிடாமல் அதன்படி செய்தால் போதும்.

அந்தத் தோழியிடம் நான் பின்னர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறு ஆண்டு ரமலானில் ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சி கொண்டுவந்து தந்தவர், “வெந்தயம் கொஞ்சம் தூக்கலா இருக்கா?” என்று என்னைக் கேட்டார்.