எந்த விசாரணையை எப்போது விற்பனைப் பிரிவிடம் கொடுப்பது? லீட் மதிப்பெண், முதல் படியிலிருந்து

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் டோசிங் பம்ப் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அமிலத்தையும் குளோரினையும் அளந்து விடும் சிறு பம்புகள் அவை. மருந்து ஆலைகளும் சாய ஆலைகளும் குடிநீர் நிலையங்களும் அவற்றை வாங்குகின்றன. இணையதளம், வணிகத் தளம், வாட்ஸ்அப், கண்காட்சி என்று எல்லா வழியிலும் சேர்ந்து மாதம் 100 விசாரணைகள் வருகின்றன. மார்க்கெட்டிங்கில் இருப்பவர் எல்லாவற்றையும் விற்பனைப் பிரிவுக்கு அனுப்பி வைக்கிறார். விற்பனையாளர்கள் இருவர், மேலாக இருக்கும் பத்துப் பேரிடம் பேசிவிட்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். மாத இறுதியில் "லீட் கொடுத்தோமே" என்று ஒருவரும் "குப்பையைக் கொடுத்தீர்கள்" என்று மற்றவரும் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதற்குத்தான் லீட் மதிப்பெண். லீட் எனப்படும் ஒவ்வொரு விசாரணையும் ஆர்டராகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை எண்ணால் குறிப்பதே அது. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை; ஒரு விரிதாள் போதும். கீழே வரும் எண்கள் கணக்கு எளிதாகப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களை உங்கள் பழைய பதிவுகளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

படி 1: ஆள் வேறு, தேவை வேறு

புதியவர்கள் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு ஒரே கூட்டுத்தொகையாக்கிவிடுவார்கள். கேட்லாக் இறக்கினால் 5, இணையக் கருத்தரங்கில் கலந்துகொண்டால் 10, இப்படி. விளைவு என்ன தெரியுமா? இறுதியாண்டு செயல்திட்டத்துக்காக ஆறு கேட்லாக்குகளை இறக்கிய பொறியியல் மாணவர் 30 மதிப்பெண்ணுடன் பட்டியலின் உச்சியில் நிற்பார். கடலூர் சிப்காட்டிலிருந்து ஒரே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிய பராமரிப்புப் பொறியாளர் அடியில் கிடப்பார்.

ஆகவே இரண்டு அளவுகளைத் தனித்தனியாக வையுங்கள். ஒன்று, கேட்பவர் நம்மிடம் வாங்கக்கூடியவர்தானா என்பது. இதற்கு எண் வேண்டாம், மூன்று தரங்கள் போதும். பம்பைத் தன் ஆலையில் பயன்படுத்துபவரும், ஆலைக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்ததாரரும் 'அ'. வேறொருவருக்காக விலை கேட்கும் வியாபாரி 'ஆ'. மாணவர், வேலை தேடுபவர், போட்டி நிறுவனத்தார் 'இ'. நாம் செய்யாத அளவைக் கேட்பவரையும் 'இ'-யில் போடுங்கள். மணிக்கு 500 லிட்டர் வரைதான் நாம் செய்கிறோம், அவர் 5,000 கேட்கிறார் என்றால், எத்தனை முறை போன் செய்தாலும் அது நமக்கு விற்பனையாகாது.

தரம் பிரிக்க ஜிஎஸ்டி எண் நல்ல துணை. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்; தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இருப்பது பான் எண். எனவே ஆறாவது எழுத்து C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம், P என்றால் தனிநபர். P என்றதும் தள்ளிவிடாதீர்கள். சொந்தப் பெயரில் ஆலை நடத்துபவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் தொழிலின் தன்மையும் தெரியும். உற்பத்தியா, மொத்த வியாபாரமா என்று அங்கேயே பார்த்துவிடலாம். 'அ'-வுக்கும் 'ஆ'-வுக்கும் இடையே வரும் சந்தேகத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

படி 2: தேவையின் மதிப்பெண்ணைப் பழைய ஆர்டர்களிடம் கேளுங்கள்

இரண்டாவது அளவு, வாங்கும் அவசரம் எவ்வளவு என்பது. இதை ஊகத்தில் போடக் கூடாது. போன ஆண்டின் விசாரணைகள் அனைத்தையும் விரிதாளில் இறக்கி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது ஆர்டர் ஆனதா என்று குறியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

1,200 விசாரணைகளில் 60 ஆர்டர்கள் வந்தன என்று கொள்வோம். அதாவது நூற்றுக்கு 5. இனி ஒவ்வோர் அறிகுறியாக எடுத்துப் பாருங்கள். எந்த ரசாயனம், மணிக்கு எத்தனை லிட்டர் என்று இரண்டையும் சொல்லிக் கேட்டவர்கள் 240 பேர், அவர்களில் 36 பேர் வாங்கினார்கள். நூற்றுக்கு 15, சராசரியைப் போல மூன்று மடங்கு. "விலைப் பட்டியல் அனுப்பவும்" என்று மட்டும் எழுதியவர்கள் 360 பேர், வாங்கியவர்கள் 9 பேர். இது சராசரியில் பாதி. நாம் கூப்பிடாமல் ஒரு மாதத்துக்குள் தாமாகவே மறுபடி தொடர்புகொண்டவர்கள் 120 பேர், அவர்களில் 24 ஆர்டர். இது நான்கு மடங்கு.

மடங்கை மதிப்பெண்ணாக மாற்ற ஓர் எளிய வழி உண்டு: மடங்கிலிருந்து 1 கழித்து 10-ஆல் பெருக்குங்கள். ரசாயனமும் அளவும் சொன்னவருக்கு 20. தாமாக மறுபடி வந்தவருக்கு 30. விலைப் பட்டியல் மட்டும் கேட்டவருக்குக் கழித்தல் 5.

இந்தக் கணக்கின் அருமை ஜிமெயில் விஷயத்தில் தெரியும். ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் மதிப்பெண்ணைக் குறை என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்கின்றன. நம் ஊரில் ஆலை முதலாளியே ஜிமெயிலில்தான் பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புகிறார். 600 ஜிமெயில் விசாரணைகளில் 30 ஆர்டர் வந்திருந்தால் அதுவும் நூற்றுக்கு 5, சராசரியேதான். மதிப்பெண் பூஜ்யம். கேட்லாக் இறக்குவதும் பெரும்பாலும் இப்படிப் பூஜ்யத்தில்தான் வந்து நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. ஏழு பேரில் இரண்டு பேர் வாங்கினார்கள் என்பதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். அது தற்செயலாக இருக்கலாம். குறைந்தது ஐம்பது விசாரணையாவது இல்லாத அறிகுறியை நான் தொடுவதில்லை. ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை மதிப்பெண் போடுவதும் தவறு. பம்புக்கு எத்தனை பார் அழுத்தம் வேண்டும் என்று சொல்பவர் லிட்டர் அளவையும் சொல்லியிருப்பார். அதற்குத் தனியாக ஒரு 20 வேண்டாம்.

படி 3: காலம் போகப் போகக் குறையட்டும்

ஆறு மாதத்துக்கு முன்பு துடித்தவர் இன்றும் துடிப்பார் என்று நம்ப முடியாது. விரிதாளில் B தரம், C மதிப்பெண், D அவர் கடைசியாகத் தொடர்புகொண்ட தேதி, E இன்றைய மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். E2-இல் இது:

```
=C2*0.5^((TODAY()-D2)/60)
```

60 நாளுக்கு ஒருமுறை மதிப்பெண் பாதியாகும். ஆலைகள் பம்ப் வாங்க ஓரிரு மாதம் எடுத்துக்கொள்வதால் 60 என்றேன். நீங்கள் விற்பது மாதாமாதம் வாங்கும் ரசாயனமாக இருந்தால் 20 கூடப் போதும்.

அடுத்து F2-இல் முடிவு:

```
=IF(B2="இ","நிறுத்து",
 IF(OR(AND(B2="அ",E2>=15),AND(B2="ஆ",E2>=25)),
 "ஒப்படை","காத்திரு"))
```

எல்லைக்கோடு 20 ஆக இல்லாமல் 15 ஆக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 20 என்று வைத்தால், இன்று 20 வாங்கியவர் நாளை 19.8 ஆகிக் கீழே விழுந்துவிடுவார். 15 என்றால் ஏறக்குறைய 25 நாள் மேலே நிற்பார். ஒப்படைத்தவுடன் அந்தத் தேதியை G-யில் கையால் எழுதிவிடுங்கள். அதன் பிறகு மதிப்பெண் குறைந்தாலும் அவர் விற்பனையாளரின் பொறுப்பு.

கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதை விற்பனையாளர்களின் நேரம் சொல்லும். ஒருவர் வாரத்துக்கு நான்கு புதியவர்களை உருப்படியாகக் கவனிக்க முடியும் என்றால் இருவருக்கும் எட்டு. போன ஆண்டுப் பட்டியலில், நாள் கணக்கில் மதிப்பெண்ணைக் குறைக்காமல், இந்தக் கோட்டை ஓட்டிப் பாருங்கள். வாரத்துக்குப் பதினான்கு பேர் தேறினால் கோட்டை உயர்த்துங்கள். கூடவே, கோட்டுக்குக் கீழே விழுந்தும் ஆர்டர் கொடுத்தவர்கள் யார் என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். பெரும்பாலும் பழைய வாடிக்கையாளர்களும் ஆலோசகர் அனுப்பி வந்தவர்களுமாக இருப்பார்கள். இவர்களை மதிப்பெண்ணுக்கே உட்படுத்தாமல் நேராக விற்பனைக்கு அனுப்பலாம்.

படி 4: ஒப்படைப்பு

பெயரையும் போன் எண்ணையும் தூக்கிக் கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது. நான் சொன்ன கடலூர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றிய குறிப்பு இப்படி இருக்க வேண்டும்:

"கடலூர் சிப்காட் மருந்து ஆலை, பராமரிப்புப் பொறியாளர். தரம் அ, மதிப்பெண் 20. ஹைட்ரோகுளோரிக் அமிலம், மணிக்கு 60 லிட்டர், 4 பார், இரண்டு பம்ப். இப்போதுள்ள பம்பின் தலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அரித்துவிட்டது. அடுத்த மாதப் பராமரிப்பு நிறுத்தத்தில் மாற்ற வேண்டும் என்கிறார். பாலிபுரொப்பிலீன் தலை உள்ள மாடலின் கேட்லாக் அனுப்பியாயிற்று, விலை சொல்லவில்லை. அமிலத்தின் செறிவும், கையெழுத்திடுபவர் யார் என்பதும் தெரியவில்லை. காலை 10 மணிக்கு முன் கூப்பிடச் சொன்னார்."

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். தெரியாததை எழுதி வைத்தால் விற்பனையாளரின் முதல் கேள்வி அதுவாகிவிடும். இல்லையென்றால் ஏற்கெனவே சொன்னதையே மறுபடி கேட்பார், அந்தப் பக்கம் எரிச்சல்தான் மிஞ்சும்.

குறிப்பு கையில் கிடைத்த நான்கு வேலை மணி நேரத்துக்குள் முதல் அழைப்பு. இரண்டு வேலை நாளுக்குள் ஏற்கிறேன் அல்லது திருப்புகிறேன் என்ற பதில். திருப்புவதற்கு நான்கு காரணங்கள் மட்டும்: வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை கூப்பிட்டும் கிடைக்கவில்லை; வாங்கும் முடிவில் இவருக்குப் பங்கில்லை; தேவை பிறகுதான், தேதி இன்னது; நாம் செய்யும் அளவில் இல்லை. "ஆர்வமில்லை" என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். அதற்குள் இந்த நான்கில் ஒன்று ஒளிந்திருக்கும். "தேவை பிறகு" என்று திரும்பியவர் மார்க்கெட்டிங்கிடம் வந்து, குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பு மறுபடி எழுப்பப்பட வேண்டும்.

படி 5: மூன்று மாதம் கழித்து

ஒப்படைத்தவர்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி இரண்டாக வெட்டுங்கள். மேல் பாதியில் கொட்டேஷன் வரை போனவர்களின் விகிதம் கீழ்ப் பாதியைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் உங்கள் மதிப்பெண் எதையும் பிரிக்கவில்லை. படி 2-க்குத் திரும்புங்கள்.

திரும்பி வந்தவற்றில் ஒரே காரணம் குவிந்தால் அது எங்கே கோளாறு என்று காட்டும். "முடிவில் பங்கில்லை" என்பது அதிகமென்றால் தரம் பிரிப்பதில் தளர்வு. "நம் அளவில் இல்லை" என்றால் விசாரணைப் படிவத்தில் லிட்டர் அளவைக் கேட்கவே இல்லை. ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றால் மகிழாதீர்கள். குறிப்புகளை யாரும் படிக்காமலே 'ஏற்கிறேன்' போடுகிறார்கள் என்று பொருள்.

மார்க்கெட்டிங்காரரின் ஊக்கத்தொகை ஒப்படைத்த எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், மாதக் கடைசி வாரத்தில் 'அ' தரம் திடீரென்று பெருகும். ஊக்கத்தொகையை விற்பனைப் பிரிவு ஏற்றுக் கொட்டேஷன் கொடுத்த எண்ணிக்கைக்கு மாற்றுங்கள். அடுத்த மாதமே அந்தப் பெருக்கம் வடிந்துவிடும்.