பலகார வியாபாரத்துக்கு ஒரு வெப்சைட்: என்ன செலவு, எத்தனை வாரம்?

சுங்கை சிப்புட் டவுனை ஒட்டிய ஒரு தாமானில், வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு, நெய் உருண்டை. வாங்குபவர்களில் பாதிப் பேர் இப்போது ஊரில் இல்லை. தோட்டத்தை விட்டுக் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் போய்விட்டார்கள். தீபாவளி நெருங்கினால் ஒவ்வொருவராக வாட்ஸ்அப்பில் "இந்த வருஷம் என்ன விலைக்கா?" என்று கேட்பார்கள். ஒரே பதிலை நூறு பேருக்கு டைப் செய்து சலித்துப்போய், ஐந்து பக்கத்தில் ஒரு வெப்சைட் போடலாம் என்று நினைக்கிறார். "எல்லாம் சேர்த்து 999 ரிங்கிட்" என்று ஒருவர் விலையும் சொல்லியிருக்கிறார்.

அந்த 999-ஐப் பற்றிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டாம் வருடம் எவ்வளவு? அதை எழுத்தில் தராதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

படி 1: பெயர் (முதல் வாரம்)

வெப்சைட்டின் முகவரிதான் டொமைன். .com முடிவுள்ள பெயரை யாரும் வாங்கலாம், வருடத்துக்குச் சுமார் 60 ரிங்கிட். .com.my வேண்டுமென்றால் வியாபாரம் எஸ்எஸ்எம்-மில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவுக்குச் சொந்தப் பெயரில் என்றால் வருடம் 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. வியாபாரம் செய்பவர் எப்படியும் கட்ட வேண்டிய பணம் அது, ஆகவே வெப்சைட் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இந்த ஒரு வேலையை மட்டும் டிசைனரிடம் விடாதீர்கள். டொமைனை உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில், நீங்களே வாங்குங்கள். டிசைனர் தன் கணக்கில் வாங்கினால் பெயர் அவர் கையில் இருக்கும். நாளைக்கு அவர் ஃபோன் எடுக்காவிட்டால் முகவரியும் போச்சு. ஏற்கெனவே வெப்சைட் உள்ளவர்கள் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: டொமைன் விற்ற நிறுவனத்தின் தளத்தில் நீங்களே லாகின் செய்ய முடிகிறதா, புதுப்பிக்கச் சொல்லும் ஈமெயில் உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் "இல்லை" என்றால், டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும்படி இன்றைக்கே கேளுங்கள்.

.com வாங்கியதும் உங்கள் ஈமெயில் முகவரியை உறுதி செய்யச் சொல்லி ஓர் ஈமெயில் வரும். 15 நாளுக்குள் அதில் உள்ள இணைப்பைச் சொடுக்காவிட்டால் டொமைனை நிறுத்திவிடுவார்கள். ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

படி 2: ஹோஸ்டிங் (அதே வாரம்)

படங்களும் எழுத்தும் இருக்கும் இடம் இது. ஐந்து பக்கத்துக்கு மலிவான பகிர்வு ஹோஸ்டிங் போதும். முதல் வருடம் 180 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும்தான். புதுப்பிக்கும் விலை அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் உண்மையான விலையாக எடுக்க வேண்டும். சேவை வரிக்குப் பதிவான நிறுவனமாக இருந்தால் பில்லில் 8 விழுக்காடு கூடும். பாதுகாப்பான தளம் என்று காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் வேறு இடம் பாருங்கள், இலவசமாகவே கிடைக்கிறது.

படி 3: படமும் விலைப்பட்டியலும் (2 முதல் 4-ஆம் வாரம்)

தாமதம் ஆவது இங்கேதான். டிசைனருக்கு இரண்டு வார வேலைதான், அவர் காத்திருப்பது உங்கள் படத்துக்காக. காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பலகாரத்தையும் ஃபோனிலேயே எடுத்துவிடலாம். ஃபோன் படம் ஒன்று நாலைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கவே நேரமாகும், லைன் சரியில்லாத தோட்டப் பக்கத்தில் சொல்லவே வேண்டாம். 200 கேபி அளவுக்குச் சுருக்கிக் கொடுங்கள்.

விலையோடு கூரியர் செலவு, எத்தனை நாளில் போய்ச் சேரும், எஸ்எஸ்எம் எண், தொடர்பு எண் எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். இணையத்தில் விற்பவர்கள் இவற்றைக் காட்ட வேண்டும் என்பது நம் நாட்டுப் பயனீட்டாளர் சட்டத்தின் கீழ் உள்ள விதி. "விலைக்கு பி.எம். செய்யவும்" என்று எழுதினால் வெப்சைட் போட்டதே வீண்.

படி 4: வடிவமைப்பு (5, 6-ஆம் வாரம்)

வெப்சைட் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஐந்து பக்கம் செய்ய, தனியாள் டிசைனருக்கு 1,500 ரிங்கிட் என்று கணக்கு வைப்போம். மூன்று பங்காகக் கொடுங்கள்: தொடங்கும்போது 500, முதல் வடிவம் பார்த்ததும் 500, நிர்வாகி பாஸ்வேர்ட் உங்கள் கைக்கு வந்த பிறகு மிச்சம். எத்தனை தடவை திருத்தித் தருவார் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

ஆர்டருக்குப் பணம் கட்டும் வசதியெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று போதும்:

```
https://wa.me/601XXXXXXXX
```

நாட்டு எண் 60-க்குப் பிறகு உங்கள் எண், முன்னால் உள்ள 0 இல்லாமல். கூட்டல் குறி, இடைவெளி, கோடு எதுவும் வரக் கூடாது. அந்த 0-ஐயும் சேர்த்துப் போட்டால் பொத்தானை அழுத்துபவருக்கு எண் தவறு என்றுதான் வரும்.

விலைப் பக்கத்தை நீங்களே மாற்றக் கற்றுக்கொடுக்கும்படி கேளுங்கள், அரை மணி நேர வேலை. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் டிசைனரைக் கூப்பிட்டால் பராமரிப்புச் செலவு அதிலேயே ஏறிவிடும்.

படி 5: திறப்பு (7-ஆம் வாரம்)

டொமைனை ஹோஸ்டிங்கோடு இணைத்தபின் எல்லா இடத்திலும் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். உங்கள் ஃபோனில் தெரிந்து தம்பி ஃபோனில் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். தொடர்புப் படிவம் வைத்திருந்தால் கிள்ளானில் இருக்கும் ஒருவரை நிரப்பச் சொல்லி, ஈமெயில் உண்மையிலேயே வந்ததா என்று பாருங்கள். படிவம் "அனுப்பப்பட்டது" என்று காட்டிவிட்டு மடல் ஸ்பாமுக்குப் போவது சாதாரணமாக நடப்பது.

ஆர்டர் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கும். அதற்கு முந்தி 7 வாரம் வேண்டும், இழுபறிக்கு ஒரு வாரம் சேருங்கள். ஆக 12 வாரத்துக்கு முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

படி 6: கணக்கு

முதல் வருடம்: டொமைன் 60, ஹோஸ்டிங் 180, இரண்டுக்கும் வரி சுமார் 19, வடிவமைப்பு 1,500. மொத்தம் 1,759 ரிங்கிட்.

இரண்டாம் வருடம்: டொமைன் 70, ஹோஸ்டிங் 300, வரி சுமார் 30, பராமரிப்பு 300. மொத்தம் 700. மாதத்துக்கு 58 ரிங்கிட் போல வருகிறது.

பராமரிப்புக்கான அந்த 300-க்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். முதலில் பேக்கப் எடுத்து, வேர்ட்பிரஸ்ஸையும் அதோடு சேர்க்கும் கூடுதல் வசதிகளான ப்ளகின்களையும் புதுப்பித்து, பக்கங்களும் படிவமும் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதை மாதம் ஒரு முறையாவது செய்தால்தான் அந்தப் பணத்துக்கு வேலை நடக்கிறது என்று அர்த்தம். பேக்கப் வெப்சைட் இருக்கும் அதே ஹோஸ்டிங்கில் கிடந்தால் பயனில்லை, ஒரு பிரதி உங்கள் கூகுள் டிரைவுக்கு வர வேண்டும்.

டொமைனை மட்டும் இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம். காலாவதியான .com-ஐச் சில வாரம் வரை சாதாரண விலையில் மீட்க விடுவார்கள், ஆனால் அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதற்குப் பின் வரும் 30 நாள் மீட்புக் காலத்தில் கட்டணம் பல மடங்கு. அதுவும் தாண்டினால் பெயரை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம். ஹோஸ்டிங்கை முதல் தடவை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுங்கள். ஒரு தீபாவளி சீசன் ஓடினால் அவர்கள் சேவை எப்படி என்று தெரிந்துவிடும், பிடிக்காவிட்டால் பேக்கப்போடு வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.