குர்த்திக்கு மொத்த விலை போடும்போது

சிறிய அளவில் ஆடை தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கடைசிக் கணக்கில்தான். ஒரு பருத்திக் குர்த்தியை எடுத்துக்கொள்வோம்.

மீட்டர் 140 ரூபாய்த் துணி, இரண்டரை மீட்டர்: 350 ரூபாய். வெட்டில் வீணாவது, நனைத்தால் சுருங்குவது, கறைபட்டுக் கழிவது எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 368. வெட்டுக்கூலி, தையல்கூலி, இஸ்திரி 150. பட்டன், நூல், லேபிள், கவர் 32. ஆக 550 ரூபாய். நீங்களே தைத்தாலும் கூலியைப் போடுங்கள். ஆர்டர் பெருகினால் வேறொருவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

அடுத்து வாடகை, மின்சாரம், மாதிரி தைத்த செலவு. மாதம் 15,000 ரூபாய் என்றால், தைத்த எண்ணிக்கையால் அல்ல, விற்ற எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 150 விற்றால் ஒன்றுக்கு 100. அடக்கவிலை 650.

இங்கேதான் தவறு நடக்கிறது. விற்பனை விலையில் 30 சதவீதம் இலாபம் வேண்டுமென்று, 650-க்கு 30 சதவீதம் கூட்டி 845 என்று எழுதிவிடுகிறோம். அந்த 195 ரூபாய் விற்பனை விலையில் 23 சதவீதம்தான். விற்பனை விலையில் 30 சதவீதம் இலாபம் என்றால் மீதி 70 சதவீதம்தான் அடக்கவிலை. ஆகவே 650-ஐ 0.70-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 930 வரும்.

கடைக்காரர் அதை இரட்டிப்பாக்கினால் வாடிக்கையாளருக்கு 1,860. அந்த விலைக்குப் போகாது என்று தோன்றினால் இலாபத்தில் கைவைக்காதீர்கள். முதலில் துணியைப் பாருங்கள்: வெட்டுத்தாளை மாற்றி அடுக்கிக் கால் மீட்டர் மிச்சப்பட்டால், மொத்த விலையிலேயே 50 ரூபாய்க்கு மேல் இறங்கும்.