இரண்டே நிலைகள், ஒரு மாறுதல் அணி: ஸ்லைடில் எங்கே தடுமாறுகிறோம்?

மார்கோவ் சங்கிலியை அறிமுகப்படுத்த வழக்கமாக எடுத்துக்கொள்ளும் உதாரணம் வெயிலும் மழையும். இன்று வெயில் என்றால் நாளையும் வெயிலாக இருக்க நிகழ்தகவு 0.7, மழைக்கு 0.3. இன்று மழை என்றால் நாளையும் மழைக்கு 0.7, வெயிலுக்கு 0.3. நானும் பல வருடம் இதைத்தான் ஸ்லைடில் வைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு மாணவி போர்டில் கணக்குப் போட்டாள். நிரையை எடுக்க வேண்டிய இடத்தில் நிரலை எடுத்தாள். விடை சரியாகவே வந்தது. அடுத்த வாரம் வேறு அணி கொடுத்தேன். அதே முறையில் போட்டாள், விடை தப்பு. போன வாரம் சரியாக வந்தது இந்த வாரம் ஏன் வரவில்லை என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

தவறு என் உதாரணத்தில் இருந்தது. அந்த அணியில் நிரையாகப் படித்தாலும் நிரலாகப் படித்தாலும் ஒரே எண்கள்தான் வரும். அதனால் திருப்பிப் படித்தவரும் சரியாகப் படித்தவரும் ஒரே விடைக்குப் போய்ச் சேருவார்கள். முதல் ஸ்லைடில் இப்படிச் சமச்சீரான எண்களைப் போடவே கூடாது. நான்கு கட்டங்களிலும் நான்கு வேறு எண்கள் இருக்கட்டும்.

அப்படி ஓர் அணி மார்கோவிடமே இருக்கிறது. 1913-ல் அவர் புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' நூலிலிருந்து தொடர்ச்சியாக 20,000 எழுத்துகளை எடுத்து, ஒவ்வொன்றும் உயிரா மெய்யா என்று கையால் எண்ணினார். ஒலி இல்லாத இரண்டு குறிகளை மட்டும் விட்டுவிட்டார். நம் எழுத்தில் 'க' என்ற ஒரே வடிவத்துக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்திருக்கும். ரஷ்ய எழுத்தில் அவை தனித்தனியாக நிற்பதால் எண்ணுவது நேரடியானது. நிலைகள் இரண்டுதான்: உயிர், மெய். உயிர் 8,638, மெய் 11,362. உயிரை அடுத்து உடனே உயிர் வந்த இடங்கள் 1,104.

இந்த மூன்று எண்களிலிருந்து அணிக்குப் போகும்போதே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. 1,104-ஐ 20,000-ஆல் வகுத்தால் 0.055 வரும். பலர் இதையே அணியில் எழுதிவிடுவார்கள். அது 'அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளும் உயிராக இருப்பதன்' நிகழ்தகவு. அணிக்கு வேண்டியது வேறு: ஏற்கெனவே ஓர் உயிரின் மேல் நிற்கிறோம், அடுத்ததும் உயிராக இருக்குமா? அப்போது வகுக்க வேண்டியது மொத்த எழுத்துகளால் அல்ல, உயிர்களின் எண்ணிக்கையால். 1,104 / 8,638 = 0.128. மீதி 7,534 உயிர்கள் மெய்யை அடுத்து வந்தவை; 7,534 / 11,362 = 0.663. ஒரு நிரை முழுவதற்கும் ஒரே வகுஎண், அடுத்த நிரைக்கு வேறு வகுஎண். ஸ்லைடில் அந்த வகுஎண்களையும் நிரைக்கு இடப்பக்கம் சின்னதாக எழுதிவைத்தால் 'நிபந்தனை நிகழ்தகவு' என்ற சொல்லைத் தனியாக விளக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

```
இருந்து \ செல்வது    உயிர்     மெய்
உயிர்                0.128    0.872
மெய்                 0.663    0.337
```

தலைப்பில் 'இருந்து', 'செல்வது' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வெறும் நான்கு எண்களைப் பெரிய அடைப்புக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் ஸ்லைடுகள்தான் அதிகம். சில புத்தகங்களில் நிரலின் கூட்டுத்தொகை 1, பலவற்றில் நிரையின் கூட்டுத்தொகை 1. இரண்டும் செல்லும். ஆனால் பார்க்கிறவர் எது என்று ஊகிக்கும்படி விடக்கூடாது. பக்கத்தில் வட்டமும் அம்புக்குறியும் போட்ட படம் இருந்தால், உயிர் வட்டத்திலிருந்து கிளம்பும் அம்புகளையும் முதல் நிரையையும் ஒரே நிறத்தில் காட்டுங்கள். தன்னிடமே திரும்பும் வளைவு அம்பை இடமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் உயிரிலிருந்து கிளம்புவது 0.872 மட்டும்தான் என்று படம் சொல்லும், அணி வேறு சொல்லும்.

அப்புறம் பெருக்கல். முதல் எழுத்து உயிர் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கம் (1, 0). நம் அணியில் நிரைக்குத்தான் கூட்டுத்தொகை 1. ஆகவே தொடக்கத்தைக் கிடையாக எழுதி அணிக்கு இடப்பக்கம் வைக்க வேண்டும். (0.128, 0.872) கிடைக்கும். பொறியியல் கணிதத்தில் பழகிய கை, தானாகவே அதைச் செங்குத்தாக எழுதி வலப்பக்கம் வைக்கும். அப்போது கிடைப்பது 0.128, 0.663. கூட்டிப் பாருங்கள், 0.791. எங்கோ 0.209 தொலைந்துவிட்டது. இந்த ஒரு சோதனையை மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டால் போதும், திசைத் தவறை அவர்களே பிடிப்பார்கள். 0.7, 0.3 உதாரணத்தில் இந்தச் சோதனை வேலை செய்யாது. எப்படிப் பெருக்கினாலும் 1 வரும்.

இரண்டு எழுத்து தள்ளி என்ன வரும் என்ற கேள்வியில் அணியை வர்க்கமாக்க வேண்டும். இங்கே தவறு பெரும்பாலும் கணினியில் நடக்கிறது. நம்பை, ஆர் இரண்டிலும் வர்க்கக் குறியைப் போட்டால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத்தான் வர்க்கமாகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

```python
import numpy as np
P = np.array([[0.128, 0.872],
              [0.663, 0.337]])
P**2    # கட்டம் கட்டமாக: முதல் நிரை 0.016, 0.760
P @ P   # அணிப்பெருக்கல்: முதல் நிரை 0.595, 0.405
```

முதல் வரியின் விடையில் நிரையைக் கூட்டினால் ஏறத்தாழ 0.78தான். மறுபடியும் அதே சோதனை காட்டிக்கொடுக்கிறது. ஆனால் 'ஏன்' என்பதையும் ஸ்லைடில் காட்டுங்கள். உயிரிலிருந்து இரண்டு அடியில் உயிருக்குப் போக இரண்டு வழி உண்டு. உயிர், உயிர், உயிர் என்று போனால் 0.128 × 0.128 = 0.016. உயிர், மெய், உயிர் என்று போனால் 0.872 × 0.663 = 0.578. இரண்டையும் கூட்டினால் 0.595 பக்கம் வரும். கட்டத்தை மட்டும் வர்க்கமாக்கியவர், நடுவில் மெய் வழியாகப் போகும் பெரிய பாதையையே மறந்துவிட்டார். இரண்டு பாதைகளையும் இரண்டு கோடுகளாக வரைந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

இனி நீண்டகாலப் பரவல். நான் அதிகம் நேரம் செலவிடுவது இங்கேதான், ஏனென்றால் இங்கே வரும் தவறு பார்ப்பதற்கு மிகவும் நல்ல விடைபோல இருக்கும். சமன்பாட்டைத் தலைகீழாக எழுதி, அணியை இடப்பக்கமும் தெரியாத பரவலை வலப்பக்கமும் வைத்துத் தீர்த்தால் 0.5, 0.5 என்று வரும். கூட்டுத்தொகை 1, எண்களும் அழகு. ஆனால் அலகு அணியைத் தவிர, நிரைக் கூட்டுத்தொகை 1 ஆக உள்ள எந்த 2 × 2 அணிக்கும் அந்தப் பக்கம் தீர்த்தால் 0.5, 0.5தான் வரும், இரண்டு எண்களும் சமமாக இருந்தால் நிரைகளின் சராசரி மாறாது, அவ்வளவுதான் காரணம். இங்கே கூட்டுத்தொகைச் சோதனை உதவாது. `np.linalg.eig(P)` தருவதும் இந்தப் பக்கத்து விடையைத்தான். நமக்கு வேண்டியதற்கு `P.T` கொடுத்து, ஐகன் மதிப்பு 1-க்கு உரிய வெக்டரை அதன் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சரியான விடை உயிருக்கு 0.663 / (0.663 + 0.872) = 0.432. அதை எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்: 8,638 / 20,000, அதுவும் 0.432.

இந்த 0.432-ஐ 'சங்கிலி கடைசியில் நின்றுவிடும் இடம்' என்று சொல்லிவிடுவது அடிக்கடி கேட்கும் தவறு. எதுவும் நிற்பதில்லை. நூலில் ஓர் உயிரை விட்டு மெய்க்குப் போனால், மறுபடி போக வேண்டுமென்றால் முதலில் உயிருக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதனால் உயிரிலிருந்து மெய்க்குப் போன தடவைகளும் மெய்யிலிருந்து உயிருக்கு வந்த தடவைகளும் அதிகபட்சம் ஒன்றுதான் வித்தியாசப்படும். இரண்டும் 7,534-ஐ ஒட்டி. போவதும் வருவதும் சமம், அதனால் விகிதம் மாறவில்லை. தொட்டியில் விழும் தண்ணீரும் வெளியேறும் தண்ணீரும் ஒரே அளவானால் மட்டம் அப்படியே இருப்பதுபோல. கணக்கில் பார்த்தாலும் 0.432 × 0.872-உம் 0.568 × 0.663-உம் ஒன்றுதான், 0.377.

அந்த மட்டத்தை எப்படி எட்டுகிறது என்ற வரைபடத்தையும் சரியாகப் போட வேண்டும். வெயில், மழை உதாரணத்தில் கோடு ஒரே பக்கமாகச் சரிந்து வரும், எல்லாச் சங்கிலியும் அப்படித்தான் என்று மனதில் பதிந்துவிடும். இங்கே உயிரில் தொடங்கினால் உயிருக்கான நிகழ்தகவு 1, 0.128, 0.595, 0.345, 0.478, 0.407 என்று மேலும் கீழும் ஆடி ஆடித்தான் 0.432-க்கு வரும். மூலைவிட்ட எண்களைக் கூட்டி 1-ஐக் கழியுங்கள்: 0.128 + 0.337 − 1 = −0.535. ஒவ்வோர் அடியிலும் 0.432-லிருந்து உள்ள தூரம் இந்த எண்ணால் பெருக்கப்படுகிறது. குறை எண் என்பதால் பக்கம் மாறுகிறது. வெயில், மழையில் அது +0.4.

கடைசியாக, அணியைப் போட்டுவிட்டால் மார்கோவ் பண்பும் தானாக வந்துவிட்டதாக நினைப்பது. எந்த வரிசையிலிருந்தும் 2 × 2 அணி ஒன்றை எண்ணி எடுத்துவிடலாம். முந்தைய எழுத்தைத் தாண்டிப் பின்னால் பார்க்கத் தேவையில்லை என்பது தனியாகச் சோதிக்க வேண்டிய கூற்று. மார்கோவ் அதையும் எண்ணினார். தொடர்ந்து மூன்று மெய் வந்த இடங்கள் 505. இரண்டு மெய் சேர்ந்து வந்த இடங்கள் 3,827. ஆக, இரண்டு மெய்க்குப் பின் மூன்றாவதும் மெய்யாக இருக்க 0.132. நம் அணியோ, முன்னால் என்ன இருந்தாலும் மெய்க்குப் பின் மெய் 0.337 என்கிறது. மூன்று உயிர் வந்த இடங்கள் 115; அந்தப் பக்கம் 115 / 1,104 = 0.104, அணியின் 0.128-க்கு ஓரளவு பக்கத்தில்தான் இருக்கிறது. ஆக இந்த ஒரு படி அணி உயிர் விகிதத்தைச் சரியாகத் தருகிறது, மெய்க்கூட்டங்களின் நீளத்தைத் தராது. அதற்கு முந்தைய இரண்டு எழுத்துகளையும் சேர்த்து ஒரு நிலையாக எடுத்து, நான்கு நிலைகள் கொண்ட அணி போட வேண்டும். 0.337-உம் 0.132-உம் பக்கம் பக்கமாக இருக்கும் ஒரு ஸ்லைடை நான் அணி வந்த ஸ்லைடுக்கு அடுத்ததாகவே வைக்கிறேன்.