"வந்துட்டீங்களா?" என்று பிள்ளை கேட்டால்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்கு பதிமூன்று, பதினான்கு வயது ஆனதும் பெற்றோர் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "இப்பல்லாம் எங்ககிட்ட பேசுறதே இல்லை." கொஞ்சம் கிளறிக் கேட்டால், தினமும் மாலையில் அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. "வந்தாச்சா?", "லேட்டா?", "மழையா வெளியில?" என்று கேட்டிருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு வந்த பதிலில்தான் பேச்சு நின்றுபோயிருக்கிறது.

வந்ததும் கத்துவது, போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவது எல்லாம் தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு செய்து கெடுத்துக்கொள்பவை மட்டும் இங்கே.

வாசலிலேயே விசாரணை

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தரும் தவறு இது. செய்பவர்கள் பெரும்பாலும் அக்கறையுள்ள பெற்றோர். அதனால் இதைத் தவறு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மா ஏழு மணிக்கு வீட்டுக்குள் வருகிறார். பதினைந்து வயது மகள் ஹாலில் இருக்கிறாள்.

"வந்துட்டியாம்மா?"
"ம். டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா?"
"குடுத்தாங்க."
"எவ்வளவு?"
"சுமார்தான்."
"சுமார்னா எவ்வளவு?"

மகள் எழுந்து அறைக்குள் போய்விடுகிறாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மதிப்பெண்ணை மறைக்கத்தான் போனாள் என்று அம்மா நினைக்கிறார். அன்று அவள் மனதில் இருந்தது வேறு. மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்த தோழி, சொல்லாமல் கொள்ளாமல் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். அதை நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் "வந்துட்டியாம்மா?" என்று கேட்டு, அம்மாவின் முகம் எப்படி இருக்கிறது, இப்போது சொல்லலாமா என்று பார்த்தாள்.

இதில் கெடுவது என்ன? பிள்ளை கேட்ட கேள்விக்கு "ம்" மட்டும்தான் பதிலாகக் கிடைத்தது. அடுத்த நொடியே, அவள் கணக்கு ஒப்பிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டாள். நான்கு நாள் இப்படிப் போனால், "வந்துட்டியா?" என்று கேட்டாலே விசாரணை தொடங்கும் என்று பிள்ளைக்குப் பழகிவிடும். ஐந்தாம் நாள் கதவுச் சத்தம் கேட்டதுமே ஹெட்போனை மாட்டிக்கொள்ளும்.

கேட்காவிட்டால் எப்படித் தெரியும் என்பார்கள். ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து ஆய்ந்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் அன்றாடம் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னதுதான். துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் தெரிந்துகொண்டது அதைவிடக் குறைவு. ஆகவே தாமாகச் சொல்வதற்கு இடம் கொடுப்பதுதான் கைகொடுக்கும்.

அதே மாலை, அதே அம்மா வேறு மாதிரிப் பேசினால்:

"வந்துட்டியாம்மா?"
"வந்துட்டேன்டா. பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், கால் கழண்டுடும் போல இருக்கு."

இவ்வளவுதான். கேள்வி கிடையாது. பையை வைத்துவிட்டு, மகள் இருக்கும் இடத்திலேயே உட்கார வேண்டும். முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பக்கவாட்டில் இருந்தால் போதும். பிறகு மனதுக்குள் பத்து எண்ணும் அளவுக்குச் சும்மா இருக்க வேண்டும். பலருக்கு இந்தப் பத்துதான் முடியாது. மூன்று எண்ணுவதற்குள் "சாப்பிட்டியா? ஹோம்வொர்க் முடிச்சியா?" என்று வந்துவிடும்.

"...எனக்கும் இன்னைக்கு ஸ்கூல் பிடிக்கல."
"பிடிக்கலையா."
"அவ வேற பெஞ்சுக்குப் போயிட்டா."

"பிடிக்கலையா" என்பதைக் கேள்வியாக இழுக்காமல், அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்வது போலச் சொல்ல வேண்டும். "ஏன்?" என்று கேட்டிருந்தால் காரணம் சொல்லும் பொறுப்பு அவள்மேல் விழுந்திருக்கும். அம்மா தன் நாளில் ஒரு துளியை முதலில் சொன்னதால், அவளும் தன் நாளில் ஒரு துளியைச் சொன்னாள். அந்தத் துளி சின்னதாக இருக்க வேண்டும். அலுவலகப் பிரச்சினை முழுவதையும் அங்கே கொட்டினால், பிள்ளை ஆறுதல் சொல்லும் நிலைக்குப் போய்விடும்.

மதிப்பெண்ணைக் கேட்கவே கூடாதா? கேட்கலாம், வாசலில் வேண்டாம். ராத்திரி சாப்பிட்ட பிறகு என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டு, அது பிள்ளைக்கும் தெரிந்திருந்தால் போதும். மாலை வரவேற்பில் அந்தப் பயம் கலக்காது.

"ஒண்ணும் இல்லை, நான் நல்லாத்தான் இருக்கேன்"

களைப்பை மறைப்பது பெருந்தன்மை என்று நினைக்கிறோம். முகம் காட்டிக்கொடுத்துவிடும். காரணம் சொல்லாத இறுகிய முகத்தைப் பார்க்கும் பிள்ளை, "என்மேல் ஏதோ கோபம்" என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

ரேனா ரெபெட்டி என்ற அமெரிக்க உளவியலாளர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் அன்றாடத்தை ஆய்ந்து 1989-இல் எழுதினார். வேலை நெருக்கிய நாட்களில் அவர்கள் வீட்டுக்கு வந்ததும் ஒதுங்கிப் போனார்கள். ஆகவே ஒதுங்கத் தோன்றுவது இயல்புதான். சொல்லாமல் ஒதுங்குவதுதான் சிக்கல்.

"ஆபீஸ்ல மண்டை காஞ்சு போச்சு. உன்மேல ஒண்ணும் இல்லை. இருபது நிமிஷம் குடு, முகம் கழுவிட்டு உன் ரூமுக்கு வரேன்." களைப்பு எதனால், அது பிள்ளையால் அல்ல, எப்போது திரும்பி வருவீர்கள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. "அப்புறம் பேசலாம்" என்பதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. இருபது நிமிடம் கழித்து நீங்கள்தான் போக வேண்டும். பிள்ளை வந்து நினைவுபடுத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தால், அடுத்த முறை அந்த வாக்கு செல்லாது.

"உனக்கென்ன களைப்பு?"

சொல்லாதீர்கள்.

"நிமிர்ந்து பார்த்துப் பேசத் தெரியாதா?"

பிள்ளை போனில் கண் வைத்தபடி கேட்டாலும், கேட்டது கேட்டதுதான். மரியாதைப் பாடத்தை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே தீர்வு

தோழி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "நாளைக்கே மிஸ்கிட்ட பேசுறேன்" என்று கிளம்பிவிடுவார்கள். களைத்து வந்தவருக்கு இந்த அவசரம் இன்னும் அதிகம், சீக்கிரம் முடித்துவிட்டுச் சாயலாமே என்றிருக்கும். பிள்ளைக்கோ அது வகுப்பில் தலைகாட்ட முடியாத கூத்தாகிவிடும். அடுத்த முறை வாயைத் திறக்காது. "நான் கேட்டுக்கிட்டா போதுமா, ஏதாவது செய்யணுமா?" என்று கேளுங்கள். "கேட்டா போதும்" என்று பதில் வந்தால் நிஜமாகவே அத்தோடு விடுங்கள்.

ஒவ்வொரு "வந்தாச்சா"வையும் தோண்டுவது

சில நாள் அது வெறும் விசாரிப்புதான். கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனால் விட்டுவிடலாம். கேட்ட பிறகும் கதவோரம் நிற்பது, பின்னாலேயே வருவது, தேவையில்லாமல் இன்னொரு கேள்வி கேட்பது, "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு நகராமல் இருப்பது ஆகியவை வேறு. அப்போது உடை மாற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

மாலையில் வராத பேச்சு ராத்திரி பத்தரைக்கு வரலாம். அந்த வயதில் உடலின் தூக்க நேரமே தள்ளிப்போகிறது. உங்களுக்குக் கண் சொருகும் நேரத்தில் அவர்கள் விழிப்பாக இருப்பார்கள். வேலை நாளில் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "மிச்சத்தை நாளைக்குச் சொல்லு" என்று எந்த நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வழக்கமாகக் கேட்கும் பிள்ளை வாரக்கணக்கில் கேட்பதை நிறுத்தி, தூக்கமும் சாப்பாடும் மாறி, நண்பர்களையும் விட்டு விலகினால், அது பதில் சொல்லும் முறையால் மட்டும் சரியாகிற விஷயம் அல்ல. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.